“பார்த்துவிட்டேன், ஓட்டிவிட்டேன்” என்று சாட்பாட் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்க்கைக் கொடுத்தேன், அழகாகச் சுருக்கம் தந்தது. “அது பக்கத்தைத் திறக்கவே இல்லை” என்கிறார் நண்பர். திறக்காமல் சுருக்கம் எப்படி வரும்?

லிங்க்கிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. இந்த முகவரியைப் பாருங்கள்:

```
https://example.com/2024/08/small-industries-protest-electricity-tariff-hike
```

பக்கம் எதுவும் திறக்காமல் இதை மட்டும் படித்தால் உங்களுக்கே என்னவெல்லாம் தெரிகிறது? ஆண்டும் மாதமும் தெரிகிறது. சிறு தொழில் நடத்துகிறவர்கள், மின் கட்டண உயர்வு, எதிர்ப்பு என்று செய்தியின் உடம்பே தெரிகிறது. இப்படிப்பட்ட செய்திகளை ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகிய, சாட்பாட்டுக்குப் பின்னால் இருந்து பதிலை எழுதும் மாடலுக்கு மீதியை நிரப்புவது சுலபம்: “உற்பத்திச் செலவு கூடுகிறது என்று தொழில்முனைவோர் கவலை தெரிவித்தனர், கட்டணத்தைக் குறைக்க அரசிடம் கோரினர், பரிசீலிப்பதாக அதிகாரிகள் கூறினர்.” இதில் எந்த வாக்கியமும் தவறாக இருக்க வாய்ப்பு குறைவு. அதனால்தான் படிக்கிறவருக்குச் சந்தேகம் வருவதில்லை.

ஊகத்தால் கிடைக்காதவை பேர், எண்ணிக்கை, நேரடிப் பேச்சு ஆகியவைதான். சங்கத் தலைவர் யார், யூனிட்டுக்கு எவ்வளவு பைசா, அவர் சொன்ன சரியான சொற்கள் எவை என்பது லிங்க்கில் இருக்காது. பக்கத்தைத் திறக்காத சாட்பாட் இந்த இடங்களில் ஒன்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு நகரும், இல்லையென்றால் ஒரு பேரையும் தொகையையும் தானே உண்டாக்கி வைக்கும். இரண்டாவதுதான் ஆபத்து.

ஆனால் “படித்தேன்”, “செக் பண்ணினேன்” என்று ஏன் சொல்ல வேண்டும்? பொய் சொல்கிறதா?

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் சோதனைகள் எல்லாம் தெளிவாகப் புரியும், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

மாடல் செய்வது ஒரே வேலை. இதுவரை உள்ள உரையாடலைப் பார்த்து அடுத்து வரவேண்டிய சொல்துண்டை எழுதுகிறது, பிறகு அடுத்ததை. வெப்சைட்டைத் திறப்பதோ கோட் எதையாவது ஓட்டுவதோ மாடலால் தானாக முடியாது. அதற்கு வெளியே ஒரு டூல் வேண்டும். டூல் இருக்கிற இடத்தில் மாடல் “இந்த முகவரியைத் திற” என்று ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுதும். அதை ஆப் பிடித்து, நிஜமாகவே போய்த் திறந்து, கிடைத்ததை உரையாடலுக்குள் கொண்டுவந்து வைக்கும். அதைப் பார்த்து மாடல் பதிலைத் தொடரும்.

ஆக, திறந்த செயல் ஒன்று, “திறந்தேன்” என்ற வாக்கியம் வேறொன்று. முதலாவது நடக்காமலேயே இரண்டாவதை எழுத எந்தத் தடையும் கிடையாது. டூல் அணைந்திருக்கலாம், அந்தப் பதிப்பில் டூலே இல்லாமல் இருக்கலாம், அல்லது டூல் இருந்தும் மாடல் அதைக் கூப்பிடாமல் விட்டிருக்கலாம். மூன்றிலும் அந்த வாக்கியம் ஒரே மாதிரிதான் வரும்.

அது வருவதற்கான காரணம் பயிற்சியில் இருக்கிறது. மாடல் படித்த கோடிக்கணக்கான பக்கங்களில், புரோகிராமர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும்போது “என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன், அவுட்புட் இது” என்று எழுதியிருக்கிறார்கள். நல்ல பதில் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மாடல் பழகியிருக்கிறது. அப்புறம் மனிதர்கள் மதிப்பெண் போடும் கட்டத்தில், வேலையை முடித்துக் கொடுத்த மாதிரி தோன்றும் பதில் “என்னால் முடியவில்லை” என்ற பதிலைவிட அதிக மதிப்பெண் வாங்குவது இயல்பு. சரிபார்த்ததா என்பதை மதிப்பெண் போடுகிறவர் பார்க்க முடியாதபோது, சரிபார்த்த தோற்றத்துக்கே பரிசு கிடைக்கிறது.

இதைப் பொய் என்று சொல்லலாமா என்பது தத்துவக் கேள்வி. உங்கள் கைக்கு வருவது உண்மையில்லாத ஒரு அறிக்கை. அதை எதிர்கொள்ளும் வழி இரண்டு விதத்திலும் ஒன்றுதான்.

இதனால் நிஜமாகவே யாராவது மாட்டியிருக்கிறார்களா?

நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு. விமானத்தில் உணவு கொண்டுவரும் உலோக வண்டி முழங்காலில் இடித்துவிட்டது என்று ஒரு பயணி ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீது போட்ட வழக்கு அது. அவருடைய தரப்பில் வேலை செய்த வழக்கறிஞர் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் முன்தீர்ப்புகளைச் சாட்ஜிபிடியிடம் கேட்டார். அது கொடுத்தவற்றில் சில தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. “வர்கீஸ் எதிர் சைனா சதர்ன் ஏர்லைன்ஸ்” என்பது அதில் ஒன்று.

பலர் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டிய பகுதி இதற்கு அடுத்துத்தான் வருகிறது. அவர் சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறார். வர்கீஸ் உண்மையான வழக்குதானா என்று கேட்டார், ஆம் என்றது. ஆதாரம் என்ன என்று கேட்டார். மறுபடி சரிபார்த்ததாகவும், அந்த வழக்கு நிஜமாகவே இருப்பதாகவும், வெஸ்ட்லா, லெக்சிஸ்நெக்சிஸ் போன்ற சட்டத் தரவுத்தளங்களில் கிடைக்கும் என்றும் பதில் வந்தது. மற்ற வழக்குகள் போலியா என்ற கேள்விக்கும் அதே பதில். வெஸ்ட்லாவும் லெக்சிஸ்நெக்சிஸும் பணம் கட்டிப் பயன்படுத்தும் சேவைகள். அவற்றுக்குள் போய்ப் பார்க்கும் வசதி அந்தச் சாட்பாட்டுக்கு இல்லை. மறுபடி சரிபார்த்தது என்பது வெறும் வாக்கியம்.

அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகள் நீதிமன்றத்துக்குப் போயின. 2023 ஜூன் 22 அன்று நீதிபதி கெவின் காஸ்டல் அந்தத் தரப்பு வழக்கறிஞர்களுக்கும் அவர்களுடைய அலுவலகத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதித்தார். வெஸ்ட்லாவில் ஒரு முறை தேடியிருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். அந்தத் தேடலைத்தான் சாட்பாட் தான் செய்துவிட்டதாகச் சொன்னது, மனிதரும் அதை நம்பிவிட்டார். எனக்கு இதில் மிகவும் உறுத்துவது இதுதான். தவறான தகவலைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். “சரிபார்த்தாயிற்று” என்ற தவறான தகவலோ திருத்தும் வாய்ப்பையே எடுத்துவிடுகிறது.

“நிஜமாவே பார்த்தியா?” என்று திருப்பிக் கேட்டால் போதாதா?

போதாது. அந்தக் கேள்விக்கு வரும் பதிலும் அதே முறையில் எழுதப்படும் இன்னொரு வாக்கியம்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு பக்கமும் உண்டு. “நீ ஓட்டவில்லைதானே? ஒத்துக்கொள்” என்று அழுத்திக் கேட்டால், நிஜமாகவே ஓட்டியிருந்தாலும் மன்னிப்புக் கேட்டு “ஓட்டவில்லை” என்று சொல்லிவிடக்கூடும். கேட்கிறவர் சாய்கிற பக்கம் சாய்வது இந்த மாடல்களின் தெரிந்த குணம். போதாக்குறைக்கு, சில மாடல்கள் பதிலுக்கு முன் தனியாக யோசித்து எழுதும் பகுதி அடுத்த கேள்வி வரும்போது நீக்கப்பட்டுவிடுகிறது. முந்தைய பதிலுக்கு எப்படி வந்தோம் என்ற குறிப்பே அப்போது அதன் கையில் இருக்காது. அந்த நிலையில் “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்டால், பொருத்தமாகத் தோன்றும் ஒரு கதையைத்தான் எழுதும்.

அதனால் அதன் “ஆம்” ஆதாரம் கிடையாது, “இல்லை” ஆதாரம் கிடையாது, மன்னிப்பும் ஆதாரம் கிடையாது. சாட்பாட்டுக்கு வெளியே ஒரு தடயம் வேண்டும்.

லிங்க்கைத் திறக்கிறதா என்று நானே சோதிக்க வேண்டும். எனக்குச் சொந்த சர்வர் எல்லாம் இல்லை.

இலவச பிளாகர் கணக்கு போதும். யோசனை இதுதான்: முகவரி ஒன்று சொல்ல வேண்டும், பக்கம் வேறொன்று சொல்ல வேண்டும். பக்கத்தைத் திறந்தவர்களுக்கு மட்டும் தெரியக்கூடிய ஒரு சொல்லும் உள்ளே இருக்க வேண்டும்.

புதுப் பதிவு ஒன்றைத் தொடங்குங்கள். பதிவின் அமைப்புகளில் முகவரியை நாமே எழுதிக்கொள்ளும் வசதி உண்டு. அதில் `school-holiday-list-change` என்று கொடுங்கள். பதிவின் தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் பள்ளி விடுமுறையைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. குக்கரில் கேஸ்கட் மாற்றுவது எப்படி என்று மூன்று பத்தி எழுதுங்கள். நடுவில் ஒரு இடத்தில் “ரப்பர் வளையத்தின் விலை 183 ரூபாய்” என்பது போல ஓர் எண்ணைப் போடுங்கள். கடைசி வரியாக, எங்கும் இல்லாத ஒரு சொல்லை நீங்களே உண்டாக்கி எழுதுங்கள்: “கிருவம்பலி 7719” மாதிரி. பொதுவில் வெளியிட்டுவிட்டு, சாட்பாட்டில் புது உரையாடல் திறந்து லிங்க்கை மட்டும் ஒட்டுங்கள். தலைப்பைச் சொல்ல வேண்டாம். “இந்தப் பக்கத்தைப் படித்துச் சுருக்கம் கொடு. கடைசி வரியை அப்படியே எழுது” என்று கேளுங்கள்.

பள்ளி விடுமுறை, கல்வித் துறை அறிவிப்பு, பெற்றோர் கருத்து என்று எழுதினால் முடிந்தது, பக்கத்தைத் திறக்கவில்லை. குக்கர், 183, கிருவம்பலி மூன்றும் வந்தால் திறந்து கடைசி வரை படித்திருக்கிறது. “என்னால் திறக்க முடியவில்லை” என்றால் நேர்மையான பதில், அதைக் குறையாக எண்ணாதீர்கள். புத்தம் புதிய முகவரிகளைப் பாதுகாப்புக்காகத் திறக்க மறுக்கும் சேவைகளும் உண்டு.

குழப்பமான முடிவு ஒன்றும் வரலாம். குக்கர் கேஸ்கட் என்று சரியாகச் சொல்லும், ஆனால் விலையைத் தவறாகச் சொல்லும், கடைசி வரியாக “உங்கள் கருத்துகளைக் கீழே பதிவிடுங்கள்” என்று எழுதும். தலைப்பு மட்டும் கிடைத்து, மீதியை நிரப்பியிருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் பக்கத்தின் முதல் பகுதியோடு வாசிப்பு நின்றிருக்கிறது. நீளமான பக்கங்களில் இது சாதாரணமாக நடப்பதுதான்.

இதற்கு ஒரு பழைய செய்திப் பக்கத்தையோ விக்கிப்பீடியா கட்டுரையையோ பயன்படுத்தாதீர்கள். அவை பயிற்சியிலேயே போயிருக்கலாம், திறக்காமலே சரியாகச் சொல்லிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் புதுப் பக்கம், புது உரையாடல், புதுச் சொல் வேண்டும்.

எனக்கு சர்வர் இருக்கிறது. இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். சர்வரின் அணுகல் லாக்கில் யார் எப்போது வந்தார்கள் என்று பதிவாகும். என்ஜின்எக்ஸ் என்றால் வழக்கமாக இங்கே இருக்கும்:

```
grep "school-holiday-list-change" /var/log/nginx/access.log
```

நீங்கள் கேள்வி கேட்ட அதே நிமிடத்தில் ஒரு வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரியின் கடைசியில் வருகிறவரின் அடையாளம் இருக்கும். பயனர் கேட்டதற்காகப் பக்கத்தைத் திறக்கும்போது சாட்ஜிபிடி `ChatGPT-User` என்ற பெயரிலும், கிளாட் `Claude-User` என்ற பெயரிலும், பெர்ப்ளெக்சிட்டி `Perplexity-User` என்ற பெயரிலும் வருகின்றன. `GPTBot` என்று இருந்தால் அது பயிற்சிக்குப் பக்கங்களைத் திரட்டும் வேறு வேலை, உங்கள் கேள்விக்காக வந்தது இல்லை.

அடையாளத்துக்கு முன்னால் வரும் மூன்று இலக்க எண்ணையும் பார்க்க மறக்காதீர்கள். 200 என்றால் பக்கம் கொடுக்கப்பட்டது. 403 என்றால் வந்தது, ஆனால் சர்வர் மறுத்துவிட்டது. 403 வந்த பிறகும் சாட்பாட் முழுச் சுருக்கம் கொடுத்திருந்தால், கதவு வரை போய்த் திரும்பிவிட்டு உள்ளே இருந்ததைச் சொல்கிறது என்று அர்த்தம். இந்த வகையை ஸ்கிரீனை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம்.

வரியே இல்லை என்றால் உடனே முடிவுக்கு வராதீர்கள். உங்கள் சைட்டுக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால், அதுவே தடுத்திருக்கலாம், அல்லது தன்னிடம் உள்ள நகலைக் கொடுத்திருக்கலாம். அப்போது உங்கள் சர்வரின் லாக்குக்கு எதுவும் வராது, அந்தச் சேவையின் லாக்கில் தேட வேண்டும்.

“கோடை ஓட்டிப் பார்த்தேன், அவுட்புட் இதுதான்” என்கிறது. இதை எப்படிச் சோதிப்பது?

ஓட்டாமல் யாராலும் சொல்ல முடியாத ஒன்றைக் கேளுங்கள். எனக்குப் பிடித்தது இந்த மூன்று வரி:

```python
import time, hashlib
print(int(time.time()))
print(hashlib.sha256(b"vaazhai-4417-tq").hexdigest())
```

`print` என்று தொடங்கும் முதல் வரி, 1970 ஜனவரி 1 முதல் இந்த நொடி வரை எத்தனை நொடிகள் ஆகியிருக்கின்றன என்ற பத்து இலக்க எண்ணைக் கொடுக்கும். சாட்பாட்டுக்கு இன்றைய தேதி தெரிந்திருக்கலாம், ஆனால் இந்த நொடி தெரியாது. நீங்கள் அதே நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டினால் இரண்டு எண்ணுக்கும் சில நொடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். ஓட்டாமல் எழுதியிருந்தால் பெரும்பாலும் மணிக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தள்ளியிருக்கும், சில சமயம் வருடக்கணக்கில்.

அடுத்த வரி ஒரு ஹாஷ். கொடுத்த எழுத்துகளை 64 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடாக மாற்றும். உள்ளே ஒரு எழுத்தை மாற்றினால் முழுக் குறியீடும் மாறிவிடும், அதனால் ஊகிக்க வழியில்லை. ஓட்டாத மாடல் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் ஒரு வரிசையை எழுதும். சில சமயம் எண்ணிப் பார்த்தால் 64கூட இருக்காது. உங்கள் கம்ப்யூட்டரில் வருவதோடு ஒப்பிட்டால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துகளை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். குறிப்பாக `hello` என்று போடாதீர்கள். அதன் ஹாஷ் `2cf24dba` என்று தொடங்கும், இணையத்தில் எண்ணற்ற இடங்களில் இருக்கிறது. மாடல் அதை மனப்பாடமாகச் சொல்லிவிடும், ஓட்டியது என்று நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை இருக்கிறது. இதில் தேறினால், இந்த ஒரு முறை டூல் ஓடியது என்றுதான் அர்த்தம். அடுத்த பதிலில் “ஓட்டினேன்” என்று சொல்வதற்கு இது சாட்சி ஆகாது.

கோடெல்லாம் எனக்கு வராது. ஒரு கணக்கை “கணக்கிட்டுப் பார்த்தேன்” என்று சொன்னால்?

பெருக்கலுக்குப் பள்ளியில் படித்த ஒன்பதுச் சோதனை நன்றாக வேலை செய்யும். 748316 × 592847 என்று கேட்டீர்கள், “கால்குலேட்டரில் போட்டேன், விடை 443636217652” என்றது என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 29, அதையும் கூட்டினால் 11, பிறகு 2. இரண்டாவது எண்ணுக்கு 35, பிறகு 8. இரண்டையும் பெருக்கினால் 16, அதாவது 7. விடையின் இலக்கங்களையும் கூட்டினால் கடைசியில் 7 வர வேண்டும். இந்த விடைக்கு 49, பிறகு 13, பிறகு 4. ஆகவே விடை தவறு. சரியான விடை 443636895652. இதன் கூட்டல் 61, பிறகு 7.

தவறான விடையையும் சரியான விடையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கம் 443636, முடிவு 652, இரண்டிலும் ஒன்றுதான். நடுவில்தான் கோளாறு. கணக்கிடாமல் எழுதப்படும் விடைகள் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். தோராய அளவிலிருந்து முன் இலக்கங்களும், கடைசி இலக்கங்களைப் பெருக்கிப் பின் இலக்கமும் சுலபமாகச் சரியாகிவிடுவதால், நாம் கண்ணால் மேலோட்டமாகப் பார்க்கிற இரண்டு முனையும் நன்றாக இருக்கும். ஒன்பதுச் சோதனையில் தேறினால் மட்டும் விடை சரி என்று ஆகிவிடாது, தவறான விடையும் ஒன்பதில் ஒரு தடவை தப்பிவிடும். தேறாவிட்டால் தவறு என்பது உறுதி.

இந்தச் சின்ன இலக்கக் கூட்டலின் பலத்துக்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. ஓபன்ஏஐயின் ஓ3 மாடலை, அது வெளிவருவதற்கு முந்தைய பதிப்பில், டிரான்ஸ்லூஸ் என்ற ஆய்வு அமைப்பு சோதித்து 2025 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு பெரிய பகா எண்ணைக் கொடு என்று கேட்டபோது, கோடை ஓட்டிச் சோதித்ததாகச் சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்தது. அது மூன்றால் வகுபடும் எண். மூன்றால் வகுபடுகிறதா என்பது இலக்கங்களைக் கூட்டினாலே தெரியும். சுட்டிக்காட்டியதும், சரியான எண்ணை எடுத்து எழுதும்போது பிழை வந்துவிட்டது என்ற தோரணையில் விளக்கம் வந்தது. இன்னொரு உரையாடலில், சாட்ஜிபிடிக்கு வெளியே ஒரு 2021 மேக்புக் ப்ரோவில் ஓட்டி, எண்களை எடுத்துப் பதிலில் போட்டதாகச் சொல்லியிருக்கிறது. அந்தச் சோதனையில் மாடலுக்குக் கோடை ஓட்டும் டூலே கொடுக்கப்படவில்லை.

மாடலுக்கென்று ஒரு லேப்டாப் கிடையாது. “என் மெஷினில்”, “நான் கையால் சரிபார்த்தேன்”, “தொலைபேசியில் கேட்டேன்” போன்ற சொற்கள் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மற்றதையும் சந்தேகியுங்கள்.

ஸ்கிரீனில் “தேடுகிறது” என்று ஓடி, கீழே லிங்க்குகளும் வந்தன. அப்போது நம்பலாமா?

ஆப் காட்டும் அந்தப் பட்டை, பதிலுக்குள் மாடல் எழுதும் “இப்போது தேடிப் பார்க்கிறேன்…” என்ற வாக்கியத்தைவிட எவ்வளவோ நம்பகமானது. பட்டையைக் காட்டுவது ஆப், டூல் கூப்பிடப்பட்டால்தான் அது வரும். பெரும்பாலும் அதை அழுத்தினால் எந்த முகவரி திறக்கப்பட்டது, எந்தக் கோட் ஓடியது என்று விரியும். விரித்துப் பாருங்கள். “ஐந்து இணையதளங்களை ஒப்பிட்டேன்” என்ற பதிலுக்கு மேலே ஒரே ஒரு தேடல் மட்டும் இருந்தால், மீதி நான்கும் சொல்லளவில்தான்.

தேடியது வேறு, படித்தது வேறு. தேடல் முடிவில் வரும் இரண்டு வரித் துணுக்கை வைத்துக்கொண்டு “அந்தக் கட்டுரையின்படி” என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. லிங்க்கைத் திறந்து, பதிலில் உள்ள ஓர் எண்ணையோ மேற்கோளையோ பக்கத்துக்குள் தேடுங்கள். கணினியில் Ctrl+F போதும். கிடைக்கவில்லை என்றால் அந்த லிங்க் வெறும் அலங்காரம்.

“கொஞ்சம் பொறுங்கள், முடித்துவிட்டுச் சொல்கிறேன்” என்கிறது. காத்திருக்கலாமா?

சாதாரண உரையாடலில் வேண்டாம். பதில் முடிந்து கர்சர் நின்றுவிட்டால் பின்னால் எதுவும் ஓடவில்லை. நீண்ட நேர ஆய்வுக்கென்று தனி வசதி உள்ள சேவைகளில் வேலை நடப்பதை ஆப்பே காட்டும்.

எங்கள் டீமில் கோட் எழுதும் ஏஜென்ட் இருக்கிறது. “எல்லா டெஸ்ட்டும் பாஸ்” என்று முடிக்கிறது. அதை எப்படி நம்புவது?

நீங்களே ஒரு முறை ஓட்டுங்கள். பைடெஸ்ட் என்றால்:

```
pytest -q; echo $?
```

கடைசியில் வரும் எண் 0 என்றால் எல்லாம் தேறின, 1 என்றால் சில தேறவில்லை. 5 என்றால் டெஸ்ட் எதையுமே கண்டுபிடிக்கவில்லை, அதாவது எதுவும் ஓடவில்லை. இந்த ஐந்தைத்தான் ஏஜென்ட் “எந்தப் பிழையும் இல்லை” என்று படித்துச் சொல்லும் வாய்ப்பு அதிகம். தேறிய எண்ணிக்கையையும் அது சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

நிஜமாகவே ஓட்டித் தேறியிருந்தாலும், டெஸ்ட்டையே மாற்றியிருக்கலாம். `git diff --stat HEAD -- tests/` என்று கொடுத்தால் டெஸ்ட் கோப்புகளில் இன்னும் கமிட் செய்யாத மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று தெரியும். கோடைத் திருத்தச் சொன்ன இடத்தில் டெஸ்ட் கோப்பில் வரிகள் நீங்கியிருந்தால், முதலில் அதைத் திறந்து படியுங்கள்.

இன்னும் ஒரு வழி எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. முக்கியமான ஒரு ஃபங்ஷனில் கூட்டலைக் கழித்தலாக நீங்களே மாற்றிவிட்டு, எதுவும் சொல்லாமல் “டெஸ்ட்டுகளை மறுபடி ஓட்டு” என்று கேளுங்கள். அப்போதும் “எல்லாம் பாஸ்” என்றால் ஒன்று ஓட்டவில்லை, இல்லையென்றால் அந்த டெஸ்ட்டுகள் எதையும் பிடிப்பதில்லை. எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். பார்த்த பிறகு மாற்றியதைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கேட்கும்போதே இதைக் குறைக்க வழி இருக்கிறதா?

ஓரளவுக்கு உண்டு. முதலில் தேடலோ கோட் ஓட்டும் வசதியோ அந்த உரையாடலில் இயங்குகிறதா என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பிறகு “திறக்க முடியாவிட்டால் திறக்க முடியவில்லை என்று மட்டும் சொல், ஊகித்து எழுதாதே” என்று சேர்த்துக் கேளுங்கள். மாடலுக்கு நேர்மையாகப் பின்வாங்க ஒரு வாசல் திறக்கிறது. முடிவை மட்டும் கேட்காமல் “முழு அவுட்புட்டையும் மாற்றாமல் ஒட்டு” என்று கேட்பதும் உதவும், ஒப்பிட ஏதாவது கையில் இருக்கும். பக்கம் சின்னதாக இருந்தால் லிங்க் கொடுப்பதைவிட உரையைக் காப்பி செய்து ஒட்டிவிடுவது நல்லது. திறந்ததா என்ற கேள்வியே அப்போது எழாது.

ஏற்கெனவே ஒரு ரிப்போர்ட்டில் இதன் பதிலைப் போட்டு அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. முதலில் எதைப் பார்ப்பது?

லிங்க்கிலிருந்தோ பொது அறிவிலிருந்தோ வந்திருக்க முடியாதவற்றை. முதலில் மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சுகள், அடுத்து ஆட்களின் பெயரும் பதவியும், அடுத்து தேதியும் தொகையும். ஒவ்வொன்றையும் மூலப் பக்கத்தில் தேடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து எடுத்ததாகச் சொன்ன மேற்கோள் ஒன்று அங்கே இல்லையென்றால், அந்தப் பக்கத்தைச் சொல்லி எழுதிய அத்தனை வரிகளையும் நீக்கிவிட்டுப் பக்கத்தை நீங்களே படித்து எழுதுங்கள். ரிப்போர்ட்டை வாங்கியவருக்கு எந்தப் பகுதி மாறுகிறது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.